பயிற்சி அட்டையை வாசிப்பது எப்படி?

ஜிம்மில் சேர்ந்த முதல் வாரத்திலேயே புதியவர் கைக்கு ஒரு பயிற்சி அட்டை வந்துவிடும். சில இடங்களில் அது சுவரில் ஒட்டியிருக்கும். சில இடங்களில் மாஸ்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். அதில் ஒரு வரி இப்படி இருக்கலாம்: லேட் புல்டவுன், 25 கிலோ, 3 × 12, ரெஸ்ட் 2 நிமிடம். இருக்கையில் உட்கார்ந்து, தலைக்கு மேலே தொங்கும் கம்பியை மார்பு வரை 12 முறை இழுக்க வேண்டும். 2 நிமிடம் ஓய்வு. மறுபடியும் 12, மறுபடியும் ஓய்வு, கடைசியாக இன்னொரு 12. இதுதான் அந்த வரியின் பொருள். கம்பியை ஒரு முறை இழுத்துத் திரும்ப விடுவது ஒரு ரெப். இடையில் நிறுத்தாமல் செய்யும் 12 ரெப்பும் சேர்ந்தது ஒரு செட். ஒரு செட் முடிந்து அடுத்த செட் தொடங்கும்வரை உள்ள நேரம் ரெஸ்ட். வாரங்கள் நகர நகர அந்த வரியில் உள்ள வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிக்கொண்டே போக வேண்டும் என்பதற்குப் பெயர் புரோகிரசிவ் ஓவர்லோட்.

சொற்களுக்குப் பொருள் இவ்வளவுதான். ஆனால் இந்த நான்கும் தனித்தனி விதிகள் அல்ல என்பது பலருக்கும் மாதக் கணக்கில் பிடிபடுவதில்லை. ரெப் செய்யும் விதம் மாறிவிட்டால் செட்டில் எழுதிய எண்ணுக்கு அர்த்தமில்லை. ரெஸ்ட் மாறிவிட்டால் போன வாரத்து எண்ணையும் இந்த வாரத்து எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. அப்படிப் பார்க்க முடியாதபோது பலம் கூடியதா இல்லையா என்பதே தெரியாமல் போகும். எனவே முதலில் ரெப்பிலிருந்து தொடங்குவதே முறை.

மேலே சொன்ன லேட் புல்டவுனையே எடுத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய எல்லா ஜிம்மிலும் இருக்கும் இயந்திரம் அது. தொடையை அழுத்திப் பிடிக்க ஒரு மெத்தைத் திண்டு, மேலே நீளமான கம்பி, எதிரே ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புத் தகடுகள், எத்தனை தகடு எழும்ப வேண்டும் என்று தீர்மானிக்கும் ஒரு பின். அக்குளிலிருந்து இடுப்பை நோக்கி விரியும் முதுகின் பெரிய தசைக்கானது இந்தப் பயிற்சி. தோள் அகலத்தைவிடச் சற்றே கூடுதலாகக் கைகளை வைத்துக் கம்பியைப் பிடித்து, நெஞ்சை நிமிர்த்தி, முழங்கைகளை விலாப்பக்கம் இறக்குவதுபோல இழுக்க வேண்டும். கம்பி காறை எலும்புக்குக் கீழே, மார்பின் மேற்பகுதிவரை வர வேண்டும். அங்கிருந்து கைகள் முழுதாக நீளும்வரை நிதானமாகத் திரும்ப விட வேண்டும். இழுக்க ஒரு விநாடி, திரும்ப விட இரண்டு மூன்று விநாடி என்பது நல்ல வேகம்.

திரும்ப விடும் பாதியை ஓய்வு என்று நினைத்துக் கையை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. உண்மையில் அப்போதும் தசை சுமையைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறது, தாங்கியபடியே நீள்கிறது. தசை வளர்வதற்கான தூண்டுதலில் கணிசமான பங்கு அந்தப் பாதியில் கிடைக்கிறது. அது ஒழுங்காக நடக்கிறதா என்று கண்டுபிடிக்கக் கண்ணாடிகூட வேண்டாம், காது போதும். ஒவ்வொரு ரெப்பின் முடிவிலும் தகடுகள் ‘டமார்’ என்று மோதினால் சுமையைக் கையால் இறக்கவில்லை, நழுவ விட்டிருக்கிறார் என்று பொருள். தகடு மெல்லத் தொட்டும் தொடாமலும் மறுபடி எழுந்தால் ரெப் முழுமையானது.

இன்னொரு கோளாறு எட்டாவது ஒன்பதாவது ரெப்புக்குமேல் தலைகாட்டும். கை ஓயத் தொடங்கியதும் உடல் தானாகவே பின்னால் சாயும். இடுப்பை ஆட்டி, ஒரு வெட்டு வெட்டி, கம்பியை இழுக்கும். எடை மேலே போகிறது, எண்ணிக்கையும் ஓடுகிறது. ஆனால் அந்த வேலையை முதுகுத் தசை செய்யவில்லை; உடலின் எடையும் ஆட்டத்தின் வேகமும் செய்தன. வேறு சிலர் ஆடமாட்டார்கள். கம்பியை நெற்றிவரை இழுத்து அங்கேயே திருப்பிவிடுவார்கள். அது அரை ரெப். புதியவர்கள் கடைப்பிடிக்க வேண்டிய கணக்கு எளிமையானது: முதல் ரெப்பைப் போலவே இருக்கும் ரெப்பை மட்டும் எண்ண வேண்டும். ஒன்பது ஒழுங்காக வந்து, மூன்று ஆடி வந்தால், எழுத வேண்டியது ஒன்பது. பக்கத்தில் நிற்கும் மாஸ்டர் உற்சாகமாகப் பன்னிரண்டு என்று எண்ணியிருந்தாலும் சரி, ஒன்பதுதான்.

மூச்சைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். எடையை இழுக்கும்போது மூச்சை வெளியே விட்டு, திரும்ப விடும்போது உள்ளே இழுப்பது தொடக்கக்காரர்களுக்குப் போதுமான முறை. தம் கட்டிக்கொண்டு எடை தூக்கினால் அந்தச் சில விநாடிகளுக்கு ரத்த அழுத்தம் வெகுவாக எகிறும். ஏற்கெனவே ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது செட். அட்டையில் 3 × 12 என்று இருந்தால் முதல் எண் செட்டையும் இரண்டாவது எண் ரெப்பையும் குறிப்பதே வழக்கம். சில இடங்களில் மாற்றி எழுதுவார்கள். முதல் நாளிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. நம் ஊர் ஜிம்களில் 15, 12, 10, 8 என்று இறங்கிக்கொண்டே போகும் எண்களையும் பார்க்கலாம். ஒவ்வொரு செட்டுக்கும் எடையைக் கூட்டி, ரெப்பைக் குறைத்துக்கொண்டு போகும் முறை அது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அந்த நான்கில் முதல் இரண்டும் பெரும்பாலும் உடம்பைச் சூடேற்றும் செட்டுகளாகவே முடிந்துவிடும். கடினமான வேலை கடைசி இரண்டில்தான் நடக்கும். குறிப்பேட்டில் எழுதும்போது சூடேற்றும் செட்டையும் வேலை செட்டையும் பிரித்து எழுதாவிட்டால் பின்னால் குழப்பம் வரும். லேட் புல்டவுனில் 25 கிலோவுக்குப் போகும் முன் 10, 15 கிலோவில் ஒரு செட் இழுத்துப் பார்ப்பது சூடேற்றுதல். அது கணக்கில் சேராது.

எத்தனை ரெப் என்ற கேள்வியில் ஒரு பழைய நம்பிக்கை இன்னும் ஜிம்களில் உலவுகிறது. எடை அதிகம், ரெப் குறைவு என்றால் சதை போடும். எடை குறைவு, ரெப் அதிகம் என்றால் கொழுப்பு கரையும் என்பது அந்த நம்பிக்கை. அது சரியல்ல. வயிற்றுப் பயிற்சியை ஐம்பது முறை செய்தாலும் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது; கொழுப்பு குறைவது மொத்த உணவுக் கணக்கைப் பொறுத்தது. தசை வளர்ச்சியைப் பொறுத்தவரை ஐந்தாறு ரெப்பிலிருந்து இருபது முப்பது ரெப்வரை எந்த எண்ணும் பலன் தரும். ஆனால் செட் முடியும்போது தசை தன் எல்லைக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். பெரிய எடையைத் தூக்கும் பலமே குறிக்கோள் என்றால் எடை கூடுதலாகவும் ரெப் குறைவாகவும் இருப்பது மேல். புதியவருக்கு எட்டிலிருந்து பதினைந்து என்ற இடைவெளி வசதியானது: அசைவைக் கற்றுக்கொள்ளப் போதுமான முறை செய்தாயிற்று, மூட்டுகளுக்கும் அதிகச் சுமையில்லை.

எல்லைக்குப் பக்கத்தில் என்றால் எவ்வளவு பக்கம்? இதை மிச்சமிருக்கும் ரெப்பால் அளக்கிறார்கள். கம்பியை வைத்த நொடியில், இன்னும் எத்தனை ஒழுங்கான ரெப் வந்திருக்கும் என்று தன்னையே கேட்டுக்கொள்வதுதான் அந்த அளவை. இரண்டு அல்லது மூன்று வந்திருக்கும் என்றால் புதியவருக்கு அது சரியான இடம். ஆறேழு வந்திருக்கும் என்றால் எடை போதவில்லை. ஒன்றுகூட வராது என்றால் அளவு மீறியாயிற்று. குறிப்பாக, படுத்துக்கொண்டு நெஞ்சுக்கு மேல் ராடைத் தூக்கும் பெஞ்ச் பிரஸ்ஸில் அந்த நிலைக்குத் துணை ஆள் இல்லாமல் போகவே கூடாது. தொடக்கத்தில் இந்த மதிப்பீடு தவறாகத்தான் வரும். பெரும்பாலோர் இரண்டுதான் மிச்சம் என்று நினைக்கும்போது உண்மையில் நாலைந்து மிச்சம் இருக்கும். நம்பகமான அடையாளம் வேகம்: இழுக்க எவ்வளவு முயன்றாலும் கம்பி முன்னைவிட மெதுவாகவே இறங்குகிறது என்றால் எல்லை அருகில் வந்துவிட்டது. எரிச்சல் வந்தது, முகம் சிவந்தது என்பதெல்லாம் அந்த அளவுக்கு நம்பத் தகுந்த அடையாளங்கள் அல்ல.

ரெஸ்ட்டுக்கு வருவோம். அட்டையில் எழுதியிருந்தும் அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது இதுதான். சும்மா நிற்பது நேரத்தை வீணாக்குவது என்று பலர் நினைக்கிறார்கள். வேர்த்து மூச்சு வாங்கினால்தான் பயிற்சி என்றும் நினைக்கிறார்கள். எடைப் பயிற்சியில் ரெஸ்ட் என்பது பயிற்சியின் ஒரு பகுதி. தசை உடனடியாகப் பயன்படுத்தும் எரிபொருளை ஏடிபி என்பார்கள். அது மிகக் குறைவாகவே கையிருப்பில் இருக்கும். அதை உடனுக்குடன் நிரப்பித் தருவது தசைக்குள் இருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் என்ற பொருள். முழு வேகத்தில் வேலை செய்தால் அது பத்து விநாடிகளுக்குள் பெருமளவு தீரத் தொடங்கிவிடும். செட் முடிந்ததும் உடல் அதை மறுபடி உருவாக்குகிறது. முதல் நிமிடத்தில் வேகமாக நிரம்பும், பிறகு மெதுவாகும், ஏறக்குறைய முழுமைக்கு வர மூன்று நிமிடமும் அதற்கு மேலும் ஆகும். செட்டின்போது தசைக்குள் சேர்ந்த கழிவுகள் வெளியேறவும் இதே நேரம் தேவைப்படுகிறது.

இந்த நேரத்தை வெட்டினால் என்ன ஆகும் என்பதை அதே 25 கிலோ லேட் புல்டவுனில் பார்க்கலாம். இரண்டு நிமிட ரெஸ்ட்டில் 12, 11, 10 என்று மூன்று செட் செய்பவர், மாலை ஏழு மணிக் கூட்டத்தில் பின்னால் இருவர் காத்து நிற்கும் நெருக்கடியில் நாற்பது விநாடியிலேயே அடுத்த செட்டைத் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் செட்டில் 12 வரும். இரண்டாவதில் 8 வந்தால் அதிகம். மூன்றாவதில் ஆறோடு கை நின்றுவிடும். மொத்தம் 33 ரெப் வர வேண்டிய இடத்தில் 26. பலம் எங்கும் போகவில்லை. எரிபொருள் நிரம்பவில்லை, அவ்வளவுதான். ஆனால் முதுகுத் தசைக்குக் கிடைத்த வேலையில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. பிராட் ஷோன்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதையே நீண்ட காலத்துக்கு வைத்துப் பார்த்தது. ஏற்கெனவே பயிற்சி செய்துவந்த 21 இளைஞர்களை இரு பிரிவாக்கி, எட்டு வாரம் ஒரே பயிற்சியைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு 1 நிமிட ரெஸ்ட், மற்றதற்கு 3 நிமிடம். முடிவில் பலத்திலும் தொடைத் தசையின் தடிமனிலும் 3 நிமிடம் ஓய்வெடுத்தவர்களே முன்னே நின்றார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் ‘ஓய்வு குறைந்தால் சதை கூடும்’ என்ற பழைய பேச்சுக்கு அது நேர் எதிராக நின்றது.

நடைமுறையில் ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், லேட் புல்டவுன் போல ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டுகள் சேர்ந்து அசையும் பயிற்சிகளுக்கு இரண்டிலிருந்து மூன்று நிமிடம். கையை மட்டும் மடக்கும் டம்பெல் கர்ல் போன்றவற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை நிமிடம் போதும். கைபேசியில் விநாடி மானியை ஓடவிடுவது ஒரு சிறு பழக்கம். ஆனால் அதைச் செய்யாதவர்களின் ரெஸ்ட், அதே கைபேசியில் ஒரு ரீல்ஸ் பார்த்து முடிக்கும் நேரத்துக்கெல்லாம் நீண்டுவிடும். நேரம் சரியாக இரண்டு நிமிடமாக இருக்க வேண்டும் என்பதைவிட, எல்லா நாளும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பது முக்கியம்.

இந்த மூன்றும் கைவந்த பிறகுதான் புரோகிரசிவ் ஓவர்லோட் பேசத் தகும். தசை, தான் பழகிய வேலையைவிடச் சற்று அதிகமான வேலையைச் சந்திக்கும்போது அதற்கேற்பத் தன்னைத் தயார் செய்துகொள்கிறது. தயாரானதும் அந்த வேலை அதற்குச் சாதாரணமாகிவிடும். மறுபடியும் சற்றுக் கூட்டினால்தான் மேலும் மாற்றம் வரும். இதை மருத்துவ முறையாக வகுத்துக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் டெலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோவில் இருந்த கார்டினர் ராணுவ மருத்துவமனையில், காலில் காயமடைந்த வீரர்களுக்கு அவர் பயிற்சி கொடுத்துவந்தார். லேசான எடையைப் பல முறை அசைப்பதே அன்றைய சிகிச்சை வழக்கம். இளமையில் நோயிலிருந்து மீள எடை தூக்கிப் பழகியிருந்த டெலோர்ம், அதற்கு மாறாகக் கனமான எடையைக் குறைந்த முறை தூக்க வைத்து, பலம் கூடக் கூட எடையையும் கூட்டினார். வீரர்கள் வேகமாகத் தேறினார்கள். 1945இல் அந்த அனுபவத்தைக் கட்டுரையாக வெளியிட்டார். 1948இல் ஆர்தர் வாட்கின்ஸுடன் சேர்ந்து அவர் முறையைச் சுருக்கியபோது அது இப்படி அமைந்தது: ஒருவரால் சரியாகப் பத்து முறை மட்டும் தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடிக்க வேண்டும், அதன் பாதி எடையில் பத்து, முக்கால் எடையில் பத்து, முழு எடையில் பத்து. இன்று உலகெங்கும் ஜிம் அட்டைகளில் காணும் ‘மூன்று செட், பத்து ரெப்’ என்ற வழக்கம் வேரூன்றியதில் இந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்து, ஒரு புதியவரின் குறிப்பேட்டில் இது எப்படி நடக்கும் என்று வரிவரியாகப் பார்க்கலாம். வாரத்துக்கு இரண்டு நாள் லேட் புல்டவுன், ஒவ்வொரு முறையும் மூன்று வேலை செட், இரண்டு நிமிட ரெஸ்ட். முதல் நாள் எடை தேடும் நாள். 15 கிலோவில் பன்னிரண்டு இழுக்கிறார், விளையாட்டாக இருக்கிறது. 20 கிலோவில் பன்னிரண்டு. இன்னும் ஆறு வந்திருக்கும் என்று தோன்றுகிறது. 25 கிலோவில் பன்னிரண்டாவது ரெப் மெதுவாகிறது. இன்னும் இரண்டு மூன்று வந்திருக்கும். அதுதான் தொடக்க எடை. அடுத்த முறை 25 கிலோவில் எழுதியது 12, 11, 10.

இனி எடையைத் தொடாமல் ரெப்பை மட்டும் கூட்டிக்கொண்டு போகிறார். இரண்டாம் வாரம் 13, 12, 11. மூன்றாம் வாரம் 14, 13, 12. நான்காம் வாரம் 15, 14, 13. ஐந்தாம் வாரம் மூன்று செட்டிலும் 15 வந்துவிட்டது. மூன்றிலும் மேல் எல்லையைத் தொட்டால் மட்டுமே எடையைக் கூட்டுவது என்பது இந்த முறையின் விதி. ஆறாம் வாரம் பின்னை ஒரு தகடு கீழே மாற்றி 30 கிலோ வைக்கிறார். வந்தது 9, 8, 8.

இந்த இடத்தில்தான் பலர் மனம் தளர்கிறார்கள். போன வாரம் 45 ரெப், இந்த வாரம் 25. எடையையும் ரெப்பையும் பெருக்கினால் போன வாரம் 1125 கிலோ, இந்த வாரம் 750 கிலோ; பின்வாங்கியதுபோலவே தெரியும். ஆனால் 25 கிலோவிலிருந்து 30 கிலோ என்பது ஐந்து கிலோ மட்டுமல்ல, 20 சதவீத உயர்வு. அந்த அளவு உயர்ந்தால் ரெப் பதினைந்திலிருந்து ஏழெட்டுக்கு இறங்குவதே இயல்பு. ஒப்பிட வேண்டியது வேறு. முதல் வாரத்தில் இதே 30 கிலோவை வைத்திருந்தால் ஐந்தாறு ரெப்பில் கை நின்றிருக்கும். இன்று எட்டு ஒன்பது வருகிறது. அந்த வித்தியாசம்தான் ஆறு வாரத்தில் சேர்ந்த பலம். இங்கிருந்து மறுபடி ஒவ்வொரு ரெப்பாகப் பதினைந்தை நோக்கி ஏற வேண்டும்.

எடை ஏறும் படியின் உயரம் கருவிக்குக் கருவி மாறும் என்பதையும் புதியவர்கள் கவனிக்க வேண்டும். நம் ஜிம்களில் டம்பெல் பெரும்பாலும் இரண்டரை கிலோ இடைவெளியில்தான் அடுக்கியிருப்பார்கள். தோள் பயிற்சியில் 5 கிலோ டம்பெல்லிலிருந்து 7.5 கிலோவுக்கு மாறுவது பார்வைக்குச் சின்ன படி. கணக்கில் 50 சதவீத உயர்வு. பன்னிரண்டு ரெப் வந்ததும் மாறினால் அடுத்த டம்பெல்லில் இரண்டுகூட ஒழுங்காக வராது. அங்கே 5 கிலோவிலேயே இருபது, இருபத்தைந்து ரெப்வரை போவதும், இறக்கும் வேகத்தைக் குறைப்பதும், இன்னொரு செட் சேர்ப்பதும்தான் வழி. அவையும் ஓவர்லோட்தான், எடையைக் கூட்டினால் மட்டுமே ஓவர்லோட் என்பதில்லை. 20 கிலோ ராடு பயன்படுத்துகிறவருக்கு இந்தச் சிக்கல் குறைவு. இரு பக்கமும் 1.25 கிலோ பிளேட் போட்டால் 22.5 கிலோ, எட்டில் ஒரு பங்குதான் உயர்வு. ஜிம்மில் அந்தச் சிறு பிளேட்டுகள் இருக்கின்றனவா என்று சேரும் முன்பே பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். புல்டவுன் போன்ற இயந்திரங்களில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. கம்பிவடம் ஓடும் உருளைகளின் அமைப்பு இயந்திரத்துக்கு இயந்திரம் வேறு என்பதால், ஒன்றில் 30 கிலோ என்று எழுதியிருப்பதும் மற்றொன்றில் 30 கிலோ என்று எழுதியிருப்பதும் கைக்கு ஒரே கனமாக இருக்காது. ஜிம் மாறினால் எடை தேடும் நாளை மறுபடி நடத்த வேண்டும்.

குறிப்பேட்டில் போலி முன்னேற்றமும் ஏறும். மேலே சொன்னவர் மூன்றாம் வாரத்தில் 14, 13, 12 எழுதியிருந்தார். அடுத்த முறை செட்டுகளுக்கு இடையே தொலைபேசியில் பேசி நான்கு நிமிடம் ஓய்வெடுத்திருந்தால் 15, 15, 14 வந்திருக்கும். பலம் கூடியது என்று நம்பி எடையைக் கூட்டினால் அடுத்த வாரம் தடுமாறுவார். அதேபோல, எடையைக் கூட்டிய அன்றே உடலை ஆட்டத் தொடங்கினால் எண் ஏறும், தசைக்கு வேலை ஏறாது. ஓர் எளிய சோதனை உண்டு. கடைசி செட்டைப் பக்கவாட்டிலிருந்து கைபேசியில் படம் பிடித்து, ஒரு மாதம் முன்பு எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தால் கம்பி வந்து நிற்கும் இடமும் முதுகின் சாய்வும் ஒன்றாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஒன்றாக இருந்தால் எண் உண்மை.

இன்னொரு தவறு எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கூட்டுவது. எடை, செட், வாரத்தின் நாட்கள் மூன்றும் ஒரே வாரத்தில் ஏறினால், பிறகு தோள் வலித்தாலும் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால் உடல் சொல்லும் பதில் தெளிவாகக் கேட்கும். பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை முழுக்க மந்தமாக வலிப்பது பழக்கமில்லாத வேலையின் விளைவு. மூன்று நான்கு நாளில் தானாக அடங்கும். தோள்மூட்டிலோ முழங்காலிலோ ஓரிடத்தில் குத்துவது, பயிற்சியின்போதே தொடங்குவது, வாரக் கணக்கில் நீடிப்பது வேறு வகை. அதற்கு எடையைக் குறைத்துப் பார்ப்பதும், குறையாவிட்டால் மருத்துவரைப் பார்ப்பதும்தான் வழி. முதல் நாளிலேயே ஆர்வக்கோளாறில் அளவு கடந்து செய்துவிட்டு, கை கால் வீங்கி, சிறுநீர் கறுந்தேநீர் நிறத்தில் போனால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. தசை சிதைந்து அதன் பொருள்கள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலை அது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முதல் சில வாரங்களில் எண்கள் வேகமாக ஏறுவதற்குத் தசை பெருத்தது மட்டும் காரணம் அல்ல. பெரும் பங்கு நரம்புகளுடையது. இருக்கும் தசையையே மூளை இன்னும் திறமையாகக் கூட்டி வேலை வாங்கக் கற்றுக்கொள்கிறது. அசைவும் பழகிவிடுகிறது. அதனால்தான் கண்ணாடியில் மாற்றம் தெரியும் முன்பே குறிப்பேட்டில் மாற்றம் தெரிகிறது. அந்தக் கற்றல் முடிந்ததும் வேகம் குறையும். வாரம் ஒரு ரெப் ஏறியவருக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு ரெப்தான் ஏறும். தூக்கம் கெட்ட வாரத்திலும் காய்ச்சலுக்குப் பிறகும் இறங்கவும் செய்யும். ஒரு நாள் இறங்கியதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். ரெப்பும் ரெஸ்ட்டும் மாறாமலிருந்தும் தொடர்ந்து நான்கைந்து முறை ஒரே எண்ணில் நின்றால்தான் அது தேக்கம். முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் பார்க்க வேண்டும், குறிப்பாகப் பருப்பு, முட்டை, மீன், பால் போன்ற புரதம் போதுமான அளவு சேர்கிறதா என்று. அவை சரியாக இருந்தும் நகரவில்லை என்றால் ஒரு வாரம் செட்டுகளைப் பாதியாகக் குறைத்து உடலைத் தேறவிட்டு, பிறகு பத்து சதவீதம் குறைந்த எடையிலிருந்து மறுபடி ஏறுவது வழக்கம். இயந்திரத்தில் அது பின்னை ஒரு தகடு மேலே மாற்றுவது. பழைய எடைக்குத் திரும்பி வரச் சாதாரணமாக மூன்று நான்கு வாரம் ஆகும்.